அரை இன்ச் வளர்த்த முருங்கை

பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. என் கட்டிடத்தில் தையல் கடை வைத்திருக்கும் அரை இன்ச்சைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் பழைய இரும்பு பொறுக்கியவன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாகப் பழைய இரும்புக் கடை இருக்கிறது, அதே தெருவில் மூன்று அடுக்குக் கட்டிடம் நிற்கிறது. ஒவ்வொரு கம்பியும் நான் கையால் தொட்டுப் பார்த்துப் போட்டது. அதனால் ஒரு மனிதனை எடை போட எனக்குப் படிப்பு தேவையில்லை. தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், உள்ளே இரும்பா, துருவா என்று.

அரை இன்ச் துரு கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரும்பும் கிடையாது. தகரம். தட்டினால் சத்தம் வரும், வேறொன்றும் வராது.

அவனுக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் ஆளே விளங்கிவிடும். தையல்காரன் என்றால் துணியை வெட்டத் தெரிய வேண்டும். இவனுக்கு வெட்டத் தெரியும், மனசு வராது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் கோடு போட்ட இடத்துக்கு வெளியே அரை இன்ச் தள்ளித்தான் வைப்பான். கேட்டால், "உள்ள துணி இருக்கட்டும்ணே, நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பான். அவன் தைத்த சட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இன்னொரு சட்டைக்குத் துணி கிடக்கும். மாப்பிள்ளைப் பையன் ஒருவன் இவனிடம் கல்யாணச் சட்டை தைக்கக் கொடுத்து, போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எனக்கா, எங்க மாமனாருக்கா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அதற்கும் இவன் சிரித்தான். சிரிப்பிலும் அரை இன்ச் மிச்சம் வைத்துத்தான் சிரிப்பான், பல் முழுதாகத் தெரியாது.

நான் ஒரு வேலையை ஆரம்பித்தால் துண்டு ரெண்டு. ரயில் தண்டவாளத் துண்டை அறுத்தவன் நான். இவனோ வெட்டியது ஒட்டாதே என்று ஒவ்வொரு தடவையும் பயப்படுகிறவன். அந்தப் பயத்திலேயே அவன் ஆயுசில் பாதி போயிற்று. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லவே அவனுக்கு ஒரு மழைக்காலம் போயிற்றாம். அந்தப் பெண்ணே கடைசியில் ஆள் அனுப்பி, "வர்றதா இருந்தா வரச் சொல்லு, இல்லன்னா போகச் சொல்லு" என்று கேட்டாளாம். அதுதான் அவன் பெண்டாட்டி. அந்தக் குடும்பத்தில் முதுகெலும்பு என்று ஒன்று இருந்தால் அது அந்தம்மாவுக்கு இருக்கிறது. இவனுக்கு முதுகில் இருப்பது வெறும் தையல் நூல்.

கடை கீழே, தெருவைப் பார்த்த மாதிரி. அவர்கள் குடியிருப்பது நடுமாடியில் ஒரு அறையும் அடுக்களையும். அவன் வெட்டித் தைப்பான், அந்தம்மா காஜா எடுத்து, பட்டன் கட்டி, ஓரம் மடித்து அடிப்பாள். கையில் ஊசி இருந்தால் எந்திரம் தோற்றுவிடும். அப்படிப்பட்ட கைக்குத்தான் வினை வந்தது. வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கவே முடியாமல் போயிற்று. வைத்தியம் பார்த்தார்கள், வலி போயிற்று, கை மேலே போகவில்லை. மேல் தட்டில் இருக்கும் பாத்திரத்துக்கு அவன். கொடியில் துணி போட அவன். சாமான் டப்பாவை இறக்க அவன். அந்தம்மாவுக்கு அது மருந்தைவிடக் கசப்பு. பிறத்தியாரிடம் ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுத்துக் கொடு என்று கேட்காத ஜாதி அது. எனக்கு அது பிடிக்கும். நானும் கேட்காதவன்தான்.

அந்தம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒரே ஒரு சுதந்திரம் மொட்டை மாடி. சாயங்காலம் வேலையை வைத்துவிட்டு மேலே வந்து நிற்பாள். தோள் இறுகுவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே வைத்துத்தான் என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, உங்க கடையில பெரிய டிரம் ஏதாச்சும் உடைசலா கிடக்குமா? ஒரு முருங்கை வைக்கலாம்னு பாக்கறேன். கீரைக்கு."

கேட்காத ஆள் கேட்டதால் கொடுத்தேன். சாயப் பட்டறையிலிருந்து வந்த நீல டிரம், நன்றாகக் கழுவி, பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு நானே அனுப்பினேன். வைத்தால் முழங்காலுக்கு வரும். அகலம் ஒரு ஆள் உட்காரலாம். அதுவரை எல்லாம் ஒழுங்கு. அதற்குப் பிறகு அரை இன்ச் கை வைத்தான்.

முதல் தப்பு, டிரம்மைத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தது. "வெயில்ல காயுமேண்ணே" என்றான். முருங்கைக்கு வெயில் ஆகாது என்று இவனிடம் யார் சொன்னார்களோ! விதை முளைத்தது. தொட்டியின் நிழலிலிருந்து தலையை வெளியே நீட்ட வேண்டுமே, ஆகவே மேலே மேலே ஓடியது. பக்கத்தில் ஒரு கிளை கிடையாது. வெண்டைக்காய்த் தடிமனில் தண்டு, ஆள் உயரத்துக்குப் போய், ஆளைத் தாண்டியும் போயிற்று. உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை, துடைப்பத்தைத் தலைகீழாக நட்ட மாதிரி. "முருங்கை பருத்தா தூணாகுமா" என்று பழமொழி. இது பருக்கக்கூட இல்லை, நீண்டது.

ரெண்டாவது தப்பு, அது ஆட ஆரம்பித்ததும் மூங்கில் நட்டு, வெட்டிய துணி ஓரங்களால் கட்டினான். இன்னும் உயர்ந்ததும் அதற்கு மேல் இன்னொரு மூங்கில். சட்டைத் துணி, பாவாடைத் துணி, திரைத்துணி, பள்ளிச் சீருடைத் துணி என்று எல்லாக் கலரிலும் முடிச்சு. தெருவில் போகிறவன் நிமிர்ந்து பார்த்து, "மேல என்ன கட்சிக் கொடியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

"ஏம்ப்பா, முருங்கைய ஒடிச்சு வளர்க்கணும்னு பச்சப்புள்ளைக்கும் தெரியுமே. நுனிய ஒடிச்சு விடு" என்றேன்.

"நல்லா வளருதேண்ணே. வளர்றத எப்படி ஒடிக்கிறது?"

"அப்ப நீ ஏணி வச்சுத்தான் கீரை பறிக்கணும்."

"அதுக்கென்ன, வச்சுக்கலாம்."

இப்படித்தான் அவன் பேச்சு. எதற்கும் எதிர்வாதம் கிடையாது, எதையும் செய்யவும் மாட்டான். பஞ்சு மூட்டையைக் குத்தின மாதிரி, நம் கைதான் வலிக்கும்.

அந்தம்மாவுக்குத் தோள் இறுகியது இந்த நேரத்தில்தான். தன் கையால் வைக்கச் சொன்ன மரம், கண்ணுக்கு எதிரே நிற்கிறது, இலை மட்டும் வானத்தில். துறட்டி வைத்து இழுக்கலாம் என்றால் கை தூக்க வேண்டும். அரை இன்ச் துறட்டி பிடித்தால் கேட்கவே வேண்டாம். முருங்கை மரம் உளுத்த பல் மாதிரி, இழுத்தால் ஒடியும். ஒருநாள் ஒரு காம்புக்காக இழுத்து, உச்சியில் இருந்த ஒரு பிஞ்சுக் கிளையையே பட்டையோடு கிழித்துவிட்டான். அதற்கும் துணி சுற்றினான், கை ஒடிந்த குழந்தைக்குக் கட்டுப் போடுகிற மாதிரி.

பிறகு முக்காலி வந்தது. டிரம்மின் விளிம்பில் ஒரு கால், முக்காலியில் ஒரு கால், இடது கை மூங்கிலில், வலது கை இலையில். மறுபக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் தெரு. என் மனைவி துணி எடுக்க மேலே போனவள் இதைப் பார்த்துவிட்டுப் படியில் ஓடி வந்தாள்.

"என்னங்க, மேல அந்தத் தையக்காரர் சர்க்கஸ் பண்றாரு. விழுந்தா நம்ம கட்டடத்துலதான் விழுந்தாருன்னு சொல்லுவாங்க."

நான் போனபோது அந்தம்மா கீழே நின்று அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கையால் அல்ல, இடது கையால். முகத்தைப் பார்த்தேன். பயத்தைவிட அவமானம்தான் அதில் அதிகம். ஒரு பிடி கீரைக்கு ஒரு ஆம்பளை உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறதே, அதுவும் நாம் கேட்டதால் என்று.

"இறங்குப்பா" என்றேன். "இன்னைக்கே இத வெட்டுற. வெட்டலன்னா நான் வெட்டுவேன்."

இறங்கினான். "வெட்டிடறேண்ணே."

வெட்டினான். என்ன வெட்டினான் தெரியுமா? மறுநாள் மேலே போய்ப் பார்க்கிறேன், உச்சியில் ஒரு சாண். ஒரே ஒரு சாண்! அதையும் கடைக் கத்தரிக்கோலால், நேர்த்தியாக, பாவாடை நாடா நறுக்கின மாதிரி நறுக்கியிருக்கிறான். "கொஞ்சமா எடுத்துப் பாப்போம்ணே. பத்தலன்னா இன்னும் எடுத்துக்கலாம். ஒரேயடியா எடுத்துட்டா அப்புறம் வைக்க முடியாதே" என்று வியாக்கியானம் வேறு. துணிக்கு அது சரி. பொம்பளைக்குத் தைத்த ரவிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கலாம். மரம் ரவிக்கையா?

முருங்கையை எங்கே வெட்டுகிறாயோ அதற்குச் சற்றுக் கீழேதான் அது கிளைக்கும். இவன் வானத்தில் வெட்டினான், அது வானத்தில் கிளைத்தது. நாலைந்து கிளை, கொத்துக் கொத்தாக இலை, எல்லாம் உச்சியில். முன்னால் துடைப்பம்; இப்போது குடை. அடித்தண்டு அதே வெண்டைக்காய். அரை இன்ச்சுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களாண்ணே, நீங்க சொன்னபடி கிளைச்சிருச்சு!"

"நான் சொன்னது உன் பொண்டாட்டி கைக்கு. நீ கிளைக்க வச்சது காக்காய்க்கு" என்றேன்.

அதற்கும் சிரித்தான்.

காற்றுக் காலம் வந்தது. அந்தக் காற்று குடையைப் பிடித்தது. மேலே கனம், கீழே குச்சி, அடியில் அரை டிரம் மண். கிழக்கே சாய்ந்தால் டிரம் மேற்கே தூக்கும். இப்படி இரண்டு நாள் தாலாட்டி, மூன்றாவது நாள் மத்தியானம் மூங்கில் முறிந்தது. முறிந்த மூங்கில் போய் அடித்தது என் தண்ணித் தொட்டியின் குழாயை. கட்டிடம் முழுக்கத் தண்ணீர் இல்லை. மொட்டை மாடியில் குளம். மரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, குடை தெருப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்த முடிச்சுத் துணிகள் எல்லாம் பறக்க.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் எரியும். குழாய்க்காரனை வரவழைத்துவிட்டு, அரை இன்ச்சின் கடை வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சொன்னேன்.

"நாளைக்குக் காலையில என் ஆளுங்க வருவாங்க. டிரம், மண்ணு, மரம் எல்லாத்தையும் தூக்கி என் கடைப் பின்னாடி எறிஞ்சுருவாங்க. டிரம் என்னுது, மாடி என்னுது. முடிஞ்சுது பேச்சு."

அவன் டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றான். வாடிக்கையாளர் ஒருவர் அளவு கொடுக்கக் கையைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.

சாயங்காலம் என் பழைய இரும்புக் கடைக்கு அந்தம்மா வந்தாள். அதுவரை அந்தப் பக்கம் வந்ததே இல்லை. துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளுக்கும் எடைத் தராசுக்கும் நடுவே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு ரம்பம் வேணும்."

"எதுக்கும்மா?"

"மரத்த வெட்ட. தூக்கி எறிஞ்சுட்டீங்கன்னா எனக்குப் போயிரும். வெட்டினா இருக்கும்."

"உன் வீட்டுக்காரன் என்ன பண்றான்?"

"உக்காந்திருக்காரு."

"அவன் வெட்டமாட்டான்மா. வெட்டினாலும் முடி வெட்டின மாதிரி வெட்டுவான்."

"தெரியும்ணே." கொஞ்ச நேரம் கீழே கிடந்த ஒரு பழைய பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல எல்லாமே இப்ப அவரு எடுத்துக் குடுக்கறதுதான். அரிசி டப்பா அவரு, துணி அவரு, தலை பின்னறதுகூடப் பாதி அவரு. அந்த மரத்துலயாவது நானே போயி நானே பறிக்கணும். யாரையும் கூப்பிடாம. அவ்வளவுதாண்ணே."

நான் பழைய இரும்புக்காரன், கண்ணீரை எடை போட்டு வாங்குவதில்லை. அந்தம்மா கண்ணீரும் விடவில்லை. ஆனால் ரம்பத்தை நானே எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தேன். கொடுத்தனுப்பினால் அவன் அதை வைத்துக் குச்சிக்கு நகம் வெட்டுவான் என்று எனக்குத் தெரியும்.

மொட்டை மாடியில் அரை இன்ச் சாய்ந்த மரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான், காற்று நின்று வெகு நேரம் ஆகியும்.

"விடுப்பா. அது உன்னத் தாங்குதா, நீ அதத் தாங்குறியா?" என்றேன். "எங்க வெட்டணும்னு நான் சொல்றேன். மண்ணோட மண்ணா."

"மண்ணோடவா? செத்துருமேண்ணே!"

"சாகாது. முருங்கை உன்ன மாதிரி இல்ல, வெட்டினா ரோஷம் வந்து துளிர்க்கும்."

அந்தம்மா நடுவில் புகுந்தாள். "மண்ணோட வெட்டினா நான் குனிஞ்சே கிடக்கணும்ணே. இடுப்பும் போயிரும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஊரு உலகத்துக்கெல்லாம் அளவு எடுக்கறீங்களே. எனக்கு எடுங்க."

"உனக்கா? மரத்துக்குத்தானே?"

"பறிக்கப்போறது மரமா, நானா?"

அந்தக் கேள்விக்கு அவன் மண்டையில் ஏதோ பல்ப் எரிந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். கழுத்தில் கிடந்த டேப்பை உருவினான்.

"கையத் தூக்கு. வலி வர்றதுக்கு முன்னால நிறுத்து."

அவள் தூக்கினாள். தோள் வரைக்கும் வந்து நின்றது. தரையிலிருந்து விரல் நுனி வரை பிடித்தான். வாய்க்குள் முணுமுணுத்தான். பிறகு டிரம்மின் உயரத்தைப் பிடித்தான். அதைக் கழித்தான். மரத்தில் தையல் சாக்பீஸை வைக்கப் போனான்.

"அங்க இல்ல" என்றேன். "துளிர் அதுக்கு மேலதான போகும்? கிளைக்கு ஒரு முழமாவது விட்டுட்டுக் கீழ வை. இல்லன்னா மறுபடியும் குடைதான்."

அவன் என்னைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், மனைவியின் கையைப் பார்த்தான். சாக்பீஸால் மரத்தில் வளையமாக ஒரு கோடு போட்டான். தரையிலிருந்து அவள் இடுப்பு உயரம். சரியான இடம். ஒரு இலைகூட இல்லாத, சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருக்கும் மொட்டைத் தண்டு. என்னால் குறை சொல்ல முடியவில்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

ஆனால் அரை இன்ச் அரை இன்ச்தானே! கோடு போட்ட கை எடுக்கும்போது, அதற்கு மேலே ஒரு அடி தள்ளி இன்னொரு கோடும் போட்டுவிட்டது.

"அது என்ன?" என்றாள் அந்தம்மா.

"சும்மா... முதல்ல இங்க வெட்டிப் பாத்துட்டு..."

அவள் முந்தானை நுனியால் மேல் கோட்டைத் துடைத்துவிட்டாள். இடது கையை என் பக்கம் நீட்டினாள். ரம்பத்தைக் கொடுத்தேன்.

முதலில் உச்சியை நான் கயிறு போட்டு உள் பக்கம் இழுத்துப் பிடித்தேன், தெருவில் போகிறவன் தலையில் விழக் கூடாதே. இந்தக் கையால் கிரேன் சங்கிலியைப் பிடித்திருக்கிறேன், முருங்கை எனக்கு ஒரு பொருட்டா? அந்தம்மா கோட்டில் ரம்பத்தை வைத்து இழுத்தாள். இடது கை பழக்கமில்லை. ரம்பம் நழுவிப் பட்டையைக் கீறியது. மறுபடியும் வைத்தாள். இன்னொரு இடத்தில் கீறியது. கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம்.

அரை இன்ச் அப்போது ஒரு சத்தம் போட்டான். அவன் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான்.

"கோணலாப் போகுது! கோணலாப் போகுதுடி! குடு இங்க!"

பிடுங்கினான். அவனால் மரத்தை வெட்டுவதைத் தாங்க முடியாது. கோணல் வெட்டை அதைவிடத் தாங்க முடியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, தண்டை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, முதலில் அந்தப் பக்கம் கொஞ்சம் அறுத்தான், பட்டை கிழிந்து இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "கெட்டித் துணிய முதல்ல அடியில கீறிக்கிடணும்ணே, இல்லன்னா பிரிஞ்சிரும்" என்றான், கண்ணை எடுக்காமல். பிறகு இந்தப் பக்கத்திலிருந்து, மழைத்தண்ணீர் நிற்காதபடி சாய்வாக, நிறுத்தாமல் இழுத்தான். முருங்கை கட்டை அல்ல, பஞ்சு. இரண்டு மூச்சில் போயிற்று. குடை என் கையில் வந்து விழுந்தது.

டிரம்மில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மொட்டைக் குச்சி. பசை கசிந்தது. அரை இன்ச் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால், யாரோ செத்துப்போன வீட்டுக்கு வந்திருக்கிறோமோ என்று தோன்றும்.

"அழுறியாடா?" என்றேன்.

"தூசிண்ணே."

அந்தம்மா தரையில் உட்கார்ந்து வெட்டிய கிளைகளிலிருந்து இலையை உருவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வீடு கொடுத்தாள். என் மனைவி ஒரு தடித்த கிளையைக் கேட்டு வாங்கி, என் கடைப் பின்னால் நட்டுவிட்டாள்.

என் ஆட்கள் வந்தார்கள். டிரம்மை எறிய அல்ல, தொட்டியின் நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்த. இது என் யோசனை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அரை இன்ச் இப்போது அதைத் தன் யோசனை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இதோடு அவன் தொல்லை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. குற்ற உணர்ச்சி கொண்டவன் கையில் ஒரு குடம் கிடைத்தால் என்ன செய்வான்? ஊற்றினான். காலை, மத்தியானம், சாயங்காலம். இலையே இல்லாத மரம் தண்ணீரை எதனால் குடிக்கும்? டிரம்மில் மண் சேறாகிக் கிடந்தது.

"வேர அழுகடிச்சுத்தான் விடுவியா? வாயில்லாத பிணத்துக்கு மோர் ஊத்துற மாதிரி ஊத்துறியே" என்றேன்.

அந்தம்மா குடத்தை எடுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தாள். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர் என்று சட்டம் போட்டாள்.

அடுத்து என்ன செய்தான் என்பதை எழுதினால் நம்பமாட்டீர்கள். வெட்டிய முனைக்கு ஒரு தொப்பி தைத்தான். நிஜமான தொப்பி. பருத்தித் துணி, உள்ளே லைனிங், ஓரத்தில் நாடா. வெயில் படக் கூடாதாம். நான் மாடிக்குப் போனால் டிரம்மில் ஒரு குட்டி மனிதன் தொப்பி போட்டு நிற்கிறான். தொட்டுப் பார்த்தேன், பனியில் நனைந்து சொதசொதவென்று இருந்தது.

"வெட்டு காயணும்ப்பா. ஈரத் துணியச் சுத்தினா உள்ள வரைக்கும் அழுகும்."

தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்தத் தொப்பி அளவு கச்சிதமாக இருந்தது. வாழ்க்கையிலேயே அவன் மிச்சம் வைக்காமல் தைத்த ஒரே பொருள் அதுதான். அதையும் ஒரு குச்சிக்குத் தைத்தான். அந்தம்மா அதைக் காயவைத்து ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொதியாக்கிவிட்டாள்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச காலம் குச்சி குச்சியாகவே நின்றது. அரை இன்ச் காலையில் மேலே போய்ப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வருவான். கடையில் உட்கார்ந்து பெரிய பெரிய சட்டைகளாகத் தைப்பான். படியில் எதிரே வந்தால் என்னைப் பார்க்கமாட்டான், நான் கொலை செய்தவன் போல. பார்க்காவிட்டால் எனக்கென்ன, நட்டமா?

ஒரு நாள் மாடியிலிருந்து சத்தம் கேட்டது.

"அண்ணே! அண்ணே! மேல வாங்க! அம்மை போட்டிருக்கு!"

அம்மையாவது, மண்ணாவது! பட்டையில் அங்கங்கே பச்சை முண்டுகள். துளிர். வெட்டுக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்துத் தண்டு நெடுக. எனக்கு அது முன்பே தெரியும். முருங்கை அப்படித்தான். நான் ஆச்சரியப்படவில்லை. அவன் ஆச்சரியப்பட்டு ஆடினான்.

மறுபடியும் வேலை அந்தம்மாவுக்குத்தான். எல்லாத் துளிரையும் விட்டால் ஒன்றை ஒன்று தின்னும். நாலா பக்கமும் ஒவ்வொன்றாக, நல்ல தெம்பான நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தேய்த்துவிட்டாள். வைத்தது ஒரு முழம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினாள். கிள்ளின இடத்தில் ஒன்று இரண்டாயிற்று. இரண்டு வளர்ந்ததும் மறுபடி நுனி. அவள் கிள்ளும்போதெல்லாம் அரை இன்ச் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது திரும்பிக்கொள்கிற மாதிரி.

போன வாரம் தண்ணித் தொட்டி பார்க்க மேலே போனேன். அந்தம்மா டிரம் பக்கத்தில் நிற்கிறாள். முருங்கை அவள் மார்பு உயரத்துக்குச் சுற்றி விரிந்து, கூடையைக் கவிழ்த்த மாதிரி அடர்ந்து நிற்கிறது. வலது கையை முழங்கையோடு மடித்து, கொத்துக் கொத்தாக ஒடித்து மடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரையும் கூப்பிடவில்லை. யாரும் வேட்டியைப் பிடிக்கவில்லை, யாரும் முக்காலியில் இல்லை.

"எப்படி, நான் சொன்னேன்ல?" என்றேன்.

"சொன்னீங்கண்ணே. மண்ணோட வெட்டச் சொன்னீங்க" என்றாள், கையை நிறுத்தாமல்.

அதை நான் காதில் வாங்கவில்லை. வாய் பேசுகிற பெண்களோடு நான் வாதம் செய்வதில்லை. டிரம்மைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். தொட்டிப் பக்கம், மற்றக் கிளைகளுக்குப் பின்னால், ஒளிந்துகொண்டு ஒரு கிளை மட்டும் நுனி கிள்ளாமல் நேராக மேலே போயிருக்கிறது. என் தலை உயரம். அதை அந்தப் பக்கமாகப் போகும் தொட்டிக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது ஒரு பள்ளிச் சீருடைத் துணி. முடிச்சைப் பார்த்தாலே யார் கை என்று தெரிந்தது.

படியில் காலடிச் சத்தம். அரை இன்ச் வந்தான். நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்ததும் அப்படியே நின்றான்.

"என்னப்பா இது?"

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே..." என்றான். "பின்னால தேவைப்பட்டா இருக்கட்டுமேன்னு..."

"எதுக்குத் தேவைப்படும்?"

கழுத்து டேப்பை உருவிச் சுருட்டினான். ஆயுசு முழுக்க உள்ளே மடித்து வைத்த துணிக்கெல்லாம் அவனிடம் இதே பதில்தான்.

அந்தம்மா சுற்றி வந்தாள். முடிச்சை இடது கையால் அவிழ்த்தாள். கிளையை வளைத்துத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து, வலது கையால், இலைக் கூட்டத்துக்குள் எங்கேயோ தாழ்வான இடத்தில், டக்கென்று ஒடித்தாள். நுனித் துளிரைத் தனியே கிள்ளி மடியில் போட்டாள்.

"இதுதான் நல்ல இளசு" என்றாள்.

சீருடைத் துணியை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், பின்னால் எதற்காவது ஆகும் என்று.